தீபாவளிக் கூட்டத்திற்கு எத்தனை கைகள் வேண்டும்?

சங்கங்களைத் தணிக்கை செய்யச் செல்லும்போது நாம் கண்ட காட்சி ஒன்றைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குவோம். தீபாவளிக்கு முதல் நாள் மாலை ஏழு மணி. நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் விற்பனை நிலையத்தில் வாசற்படி வரை கூட்டம் நின்றது. சேலையைத் தேர்ந்தெடுத்துவிட்டவர்கள் ரசீது போடும் மேசைக்கு முன் காத்திருந்தார்கள். தேர்ந்தெடுக்க வந்தவர்களோ, எடுத்துக் காட்ட ஆளின்றி, குழந்தைகளைக் கையிற் பிடித்தவாறு எதிர்ச் சாரியிலுள்ள ஜவுளிக் கடைக்குள் நுழைந்தார்கள். பத்து நாட்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் அதே நிலையத்திற்கு நாம் சென்றிருந்தோம். அப்போது தாற்காலிகச் சிப்பந்திகள் ஆறு பேர் வேலையின்றிச் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டா. இது ஒரு சங்கத்தின் குறை மட்டுமன்று.

“கூலி கொடுத்ததும் உண்மை, கூட்டம் திரும்பிப் போனதும் உண்மை. கணக்கு எங்கே தவறியது என்றுதான் தெரியவில்லை, ஐயா” என்றார் அதன் காரியதரிசி. அந்தக் கணக்கைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். ஏனெனில் அந்த ஆறு பேரில் நால்வர் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகள். பாவு ஏற்றிய தறியை நிறுத்திவிட்டு வந்தவர்கள். அவர்கள் கடையிற் சும்மா இருந்த நாட்களில் தறியும் சும்மா இருந்தது. வீட்டிற்கு நெசவுக் கூலி போயிற்று. சங்கத்திற்குச் சரக்குப் போயிற்று.

மாதக் கணக்கு ஏன் ஏமாற்றுகிறது?

அச்சங்கத்தின் நிர்வாகக் குழு, முந்தைய ஆண்டின் மாத விற்பனைத் தொகையை எடுத்து, “இந்த மாதம் விற்பனை இரண்டு மடங்கு, ஆகவே ஆளும் இரண்டு மடங்கு” என்று தீர்மானித்து, மாதம் முழுவதற்கும் ஒரே எண்ணிக்கையில் ஆள் வைத்தது. இதில் இரண்டு பிழைகள் உள்ளன.

முதலாவது, தீபாவளி ஆங்கில மாதத்திற்குக் கட்டுப்பட்டதன்று. 2023-இல் அது நவம்பர் 12. 2024-இல் அக்டோபர் 31. 2025-இல் அக்டோபர் 20. 2026-இல் நவம்பர் 8. சென்ற ஆண்டு ஐப்பசி பிறந்த மூன்றாம் நாளே பண்டிகை வந்துவிட்டது. 2026-இல் ஐப்பசியில் மூன்று வாரம் சென்ற பிறகே வருகிறது. ஆகையால் சென்ற ஆண்டுக் கணக்கைத் தேதிக்குத் தேதி ஒப்பிடலாகாது. பண்டிகைக்கு எத்தனை நாள் முன்பு என்று எண்ணி, முதல் நாளுக்கு முதல் நாள், ஐந்தாம் நாளுக்கு ஐந்தாம் நாள் என்றே ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, ரூபாய் விற்பனையைக் காட்டும், வேலையைக் காட்டாது. ஒரு நிறுவனம் மொத்தமாக ஒரு லட்சம் ரூபாய்க்குப் போர்வை வாங்கினால் ஒரே ரசீதில் முடிந்துவிடுகிறது. நான்கு பேர் கொண்ட குடும்பம் மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு சின்னாளபட்டிச் சேலையும், ஒரு வேட்டியும், இரண்டு துண்டும் எடுப்பதற்குள் இருபது சேலைகளைப் பிரித்துக் காட்டி மடித்து வைக்க வேண்டியிருக்கிறது. எனவே மொத்த விற்பனை ரசீதுகளை நீக்கிவிட்டு, சில்லறை விற்பனை ரசீதுகளின் எண்ணிக்கையை நாள்வாரியாக எழுதிக்கொள்வதே முதல் வேலை. இப்போது பல நிலையங்களில் கணினியில் ரசீது போடுவதால் ஒவ்வொன்றிலும் நேரமும் அச்சாகிறது. ஆகவே மணிவாரியாகவும் பிரித்துவிடலாம். கையால் ரசீது எழுதும் சங்கங்கள், மாலை நான்கு மணிக்கு எந்த எண் வரை போயிற்று என்பதை மட்டும் நாள்தோறும் ரசீதுப் புத்தகத்தின் ஓரத்தில் குறித்துவந்தாற்கூடப் போதும்.

நாகல் நகர் நிலையம் ஒன்றின் கணக்கு

திண்டுக்கல் நாகல் நகரில், நெசவாளர் வீடுகளும் ரயில் நிலையத்துப் போக்குவரத்தும் சேர்ந்த பகுதியில், ஒரு சங்கத்தின் விற்பனை நிலையம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கீழ்வரும் எண்கள் கணக்கு விளங்குவதற்காக நாமே அமைத்துக்கொண்டவை. ஒவ்வொரு சங்கமும் தன் புத்தகத்திலுள்ள எண்களை இவ்விடத்தில் இட்டுக்கொள்ளலாம்.

நிலையத்தில் நிரந்தரச் சிப்பந்திகள் நால்வர். காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை கடை திறந்திருக்கும். சென்ற ஆண்டுப் பண்டிகைக்கு முந்திய பத்து நாட்களில் போட்ட சில்லறை ரசீதுகள் மொத்தம் 624. அவற்றுள் பத்தாம் நாள் 40, எட்டாம் நாளாகிய ஞாயிற்றுக்கிழமை 70, மூன்றாம் நாள் 70, இரண்டாம் நாளாகிய சனிக்கிழமை 98, முதல் நாளாகிய ஞாயிற்றுக்கிழமை 106. மற்ற நாட்கள் 40-க்கும் 60-க்கும் இடைப்பட்டவை. எட்டாம் நாளிலும் கடைசி மூன்று நாட்களிலும் மூன்று தாற்காலிகச் சிப்பந்திகள் கூட இருந்தார்கள்.

இந்த 624 என்பது வந்தவர்களின் எண்ணிக்கையா? அன்று. வந்தவர்களுள் நாம் கவனித்து அனுப்பியவர்களின் எண்ணிக்கையே அது. திரும்பிப் போனவருக்கு ரசீது இல்லை. சென்ற ஆண்டுக் கணக்கை அப்படியே நம்பும் சங்கம், சென்ற ஆண்டு தான் பட்ட குறையையே இந்த ஆண்டிற்கு அளவுகோலாக வைத்துக்கொள்கிறது.

திரும்பிப் போனவர்களை எவ்வாறு கண்டுபிடிப்பது? மணிவாரிக் கணக்கு அதைச் சொல்லிவிடும். கூட்டம் இயல்பாக வருமானால் ஒரு மணிக்கு 7, அடுத்த மணிக்கு 10, பிறகு 9, பிறகு 6 என்று ஏறியும் இறங்கியும் வரும். மாறாக, கடைசி இரண்டு நாட்களின் மாலை நான்கு முதல் ஒன்பது வரை ஒவ்வொரு மணியிலும் 10, 10, 10, 10, 10 என்று சமமாக நின்றிருக்குமானால், அது கூட்டத்தின் அளவன்று, கடையின் அளவு. குடம் நிரம்பிய பிறகு மழை எவ்வளவு பெய்தது என்பதைக் குடத்தை வைத்துச் சொல்ல முடியாது.

அளவு மீறாத நாட்களை எடுத்துப் பார்ப்போம். எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குள் 28, அதன் பிறகு 42. ஆகப் பத்தில் நான்கு பங்கு பகலிலும், ஆறு பங்கு மாலையிலும் வருகின்றன. ஒன்பதாம் நாள் சனிக்கிழமையும் இதே விகிதத்தைக் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை பகலில் 56 ரசீதுகள் போடப்பட்டன. அது பத்தில் நான்கு பங்கு என்றால் முழு நாளுக்கு 140 வந்திருக்க வேண்டும். போட்டவையோ 106. குறைவு 34. அவ்வாறே சனிக்கிழமை பகலில் 48, முழு நாளுக்கு 120 வர வேண்டும், போட்டவை 98, குறைவு 22. இரண்டும் சேர்ந்து 56.

இந்த 56-ஐயும் அப்படியே கூட்டிவிடலாகாது. சனிக்கிழமை மாலை திரும்பிப் போனவர்களுள் சிலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து வாங்கியிருப்பர். அவர்கள் ஏற்கெனவே கணக்கில் இருக்கிறார்கள். பண்டிகை நெருங்கியதனால் பகலிலேயே வந்துவிட்டவர்களும் உண்டு. ஆகையால் பாதியை, அதாவது 28-ஐ மட்டும் கூட்டிக்கொள்வது தக்கது. 624-உம் 28-உம் 652. முழு எண்ணாக 650 என்று கொள்வோம்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. ஒரு நாள் ரசீது திடீரென்று குறைந்திருந்தால், ஆள் போதாமையா, சரக்குப் போதாமையா என்று இருப்புப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். கேட்ட விலையிற் சுங்குடிச் சேலை இரண்டு நாட்களுக்கு முன்பே தீர்ந்துபோயிருந்தால், அதற்கு மருந்து தறியிலும் கொள்முதலிலும் இருக்கிறது. எத்தனை ஆளை மேடையில் நிறுத்தினாலும் பயனில்லை.

இந்த ஆண்டின் நாட்களில் இட்டுப் பார்த்தல்

அடுத்து, 650 என்பதை 2026-க்கு ஏற்றதாக்க வேண்டும். பண்டிகைக்கு முந்திய ஏழாம், ஆறாம், ஐந்தாம் வாரங்களின் ரசீதுகளைச் சென்ற ஆண்டின் அதே வாரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, நூற்றுக்கு நான்கு கூடியிருப்பின் 650 என்பது 676 ஆகும். கூடவில்லையெனில் 650 ஆகவே இருக்கட்டும். ஆசையின் பேரில் எண்ணை உயர்த்தலாகாது.

இதனைப் பத்து நாட்களுக்குப் பங்கிடும்போது கிழமையைப் பார்க்க வேண்டும். சென்ற ஆண்டு தீபாவளி திங்கட்கிழமை. ஆகவே அதற்கு முந்திய இரண்டு நாட்களும் வார இறுதி நாட்களாக அமைந்தன. 2026-இல் பண்டிகையே ஞாயிற்றுக்கிழமை. எனவே முதல் நாள் சனி, இரண்டாம் நாள் வெள்ளி. வெள்ளிக்கிழமை ஆலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை உண்டு. ஆகையால் அன்றைய கூட்டத்தின் பெரும்பகுதி சனிக்கிழமைக்குத் தள்ளிப்போகும். நவம்பர் முதல் தேதியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதச் சம்பளம் கைக்கு வரும் நாளும், பண்டிகைக்கு ஏழு நாள் முந்திய விடுமுறை நாளும் அன்று ஒன்றாகச் சேர்கின்றன. நமது வட்டாரத்து நூற்பாலைகளில் போனஸ் என்று பட்டுவாடா ஆகிறது என்பதையும் கேட்டறிந்து அந்த நாளுக்கு நேரே குறித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வாறு பங்கிட்டால் ஏழாம் நாள் ஞாயிறு 80, மூன்றாம் நாள் வியாழன் 75, இரண்டாம் நாள் வெள்ளி 105, முதல் நாள் சனி 135. மிகுதியுள்ள 281 ரசீதுகள் மற்ற ஆறு நாட்களுக்கும் நாளொன்றுக்கு 38 முதல் 56 வரை பரவும்.

ரசீதிலிருந்து மணிக்கு

ஒரு ரசீதுக்குச் சிப்பந்திகள் செலவிடும் நேரம் எவ்வளவு? இதைக் கடிகாரத்தை வைத்து அளந்தே அறிய வேண்டும். சேலைகளை எடுத்துக் காட்டுவதற்கு 16 நிமிடம், ரசீது போட்டுப் பணம் பெறுவதற்கு 4 நிமிடம், சரிபார்த்துப் பொட்டலம் கட்டுவதற்கு 3 நிமிடம், பிரித்தவற்றை மடித்து அலமாரியில் அடுக்குவதற்கு 7 நிமிடம், ஆக 30 நிமிடம் என்று கொள்வோம். கடைசியிற் சொன்ன மடிப்பு வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மறந்தாலும் அது மறைவதில்லை; மேடைமேல் மலைபோற் குவிந்து, அடுத்து வருபவருக்குச் சரக்குக் கிடைக்காதபடி மறைக்கிறது.

எட்டு மணி நேரம் வேலைக்கு வரும் சிப்பந்தி எட்டு மணியும் வேலை செய்ய இயலாது. தண்ணீர், தேநீர், சரக்கு எடுக்க உள்ளே செல்வது, இருப்பை எழுதுவது ஆகியவை போக ஆறரை மணியே மேடைக்குக் கிடைக்கும். எனவே நால்வருக்கும் நாளொன்றுக்கு 26 மணி. 52 ரசீதுகள் வரை இவர்களே சமாளிப்பர். சாதாரண நாட்களுக்குத் தாற்காலிகச் சிப்பந்தி வேண்டியதில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. 55, 56 வரும் நாட்களின் சிறு மிகுதியை மிகைநேர வேலையில் முடித்துவிடலாம்.

நான்கு பெரிய நாட்களைப் பார்ப்போம். முதல் நாள் 135 ரசீதுக்கு வேண்டியது 67½ மணி, இருப்பது 26, குறைவு 41½. இரண்டாம் நாள் 105-க்கு 52½; குறைவு 26½. மூன்றாம் நாள் 75-க்கு 37½, குறைவு 11½. ஏழாம் நாள் 80-க்கு 40, குறைவு 14. மொத்தக் குறைவு 93½ மணி.

இது முழுத் திறமையுள்ளவரின் மணி. புதிதாக வருபவருக்கு எந்தச் சேலை எந்த அலமாரியில் இருக்கிறது, எதற்கு எவ்வளவு தள்ளுபடி என்பவை தெரியா. அவரது ஒரு மணியை 40 நிமிட வேலை என்று கொள்வது தவறாகாது. ஆகவே 93½ மணி வேலைக்கு ஒன்றரை மடங்கு, அதாவது ஏறத்தாழ 140 மணி நேரத்திற்கு ஆள் வேண்டும். நான்கு மணி நேர ஷிப்டுகளாகப் பிரித்து நாள்தோறும் முழு எண்ணாக்கினால் முதல் நாள் 16, இரண்டாம் நாள் 10, மூன்றாம் நாள் 5, ஏழாம் நாள் 6, ஆக 37 ஷிப்டுகள், 148 மணி. நாம் முதலிற் கண்ட சங்கம் ஆறு பேரை முப்பது நாளும் எட்டு மணி வீதம் வைத்தது. அது 1,440 மணி. அங்கே கூலி எங்கே போயிற்று என்பதை இனி விளக்க வேண்டியதில்லை.

இந்த 30 நிமிடமும் 40 நிமிடமும் சரிதாமா என்பதைச் சோதிக்கச் சென்ற ஆண்டே உதவுகிறது. அப்போது நால்வர் நிரந்தரம், மூவர் தாற்காலிகம். மாலையில் ஒரு மணி நேரத்தில் நால்வரிடமிருந்து 3¼ மணி வேலையும், மூவரிடமிருந்து 2 மணி வேலையும் கிடைத்திருக்கும். மொத்தம் 5¼ மணி. ரசீதுக்கு அரை மணி வீதம் மணிக்குப் பத்தரை ரசீது. புத்தகத்தில் சமமாக நின்ற எண் 10. கணக்கும் நடப்பும் ஒத்துவருகின்றன. உங்கள் சங்கத்தில் இவ்விரண்டும் வெகுவாக வேறுபட்டால், ஆளைக் கூட்டுவதற்கு முன் கடிகாரத்தை மீண்டும் எடுங்கள்.

ஆளை எங்கே நிறுத்துவது?

நான்கு மணி ஷிப்டு என்று நாம் சொன்னதற்குக் காரணம் உண்டு. பத்தில் ஆறு பங்குக் கூட்டம் மாலை நான்கு மணிக்குமேல் வருகிறது. எட்டு மணிக்கு ஆள் வைத்தால் அதிற் பாதி, கூட்டம் குறைந்த பகலிற் கழியும். மேலும் 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, தொடர்ந்து நான்கு மணிக்கு மேல் வேலை வாங்கும் முன் ஒரு மணி ஓய்வு தர வேண்டும். நாளுக்கு எட்டு மணி, வாரத்திற்கு 48 மணி என்பது சட்டத்தின் அளவு. மிகைநேரம் சேர்ந்தாலும் நாளுக்குப் பத்து, வாரத்திற்கு 54-ஐத் தாண்டலாகாது. மிகைநேரத்திற்கு இரட்டிப்புக் கூலி. நிரந்தரச் சிப்பந்திகளையே இரவு வரை நிறுத்திச் சமாளித்துவிடலாம் என்று எண்ணும் நிர்வாகம் இதை மறக்கலாகாது. காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை கடை நடப்பதால், நால்வரும் மாலையில் இருக்கும்படி அவர்கள் வரும் நேரத்தைச் சற்றுத் தள்ளி அமைப்பதும் அவசியம்.

இனி ரசீது மேசை. முதல் நாள் 135-இல் ஆறு பங்கு 81. ஐந்து மணி நேரத்தில் மணிக்குப் பதினாறு. ரசீதுக்கு நான்கு நிமிடம் என்றால் ஒரு மணி நேரத்தில் 64 நிமிட வேலை! ஒரே மேசை இருக்கும்வரை, சேலை காட்ட எட்டுப் பேரைச் சேர்த்தாலும் கூட்டம் மேசைக்கு முன்னே தேங்கி நிற்குமேயன்றிக் கரையாது. ஆகவே கடைசி இரண்டு மாலைகளிலும் இரண்டாவது மேசை ஒன்றும், ரசீது போடத் தெரிந்த நிரந்தரச் சிப்பந்தி ஒருவரும் அங்கே வேண்டும். புதிதாக வருபவர்களை மடிப்பிலும் பொட்டலத்திலும் அமர்த்துக. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் துணி மடிக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. ரகமும் விலையும் அறிந்த நிரந்தரச் சிப்பந்திகள் காட்டும் வேலைக்கு விடுபடுவர்.

பதினாறாவது ஷிப்டு வரை சேர்ப்பது லாபமா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு ஷிப்டு தருவது ஏறத்தாழ ஐந்து ரசீதுகளுக்கான வேலை. தள்ளுபடியெல்லாம் போக ஒரு ரசீதில் சங்கத்திற்கு நிற்பது 120 ரூபாய் என்றும், ஷிப்டுக்குக் கூலி 400 ரூபாய் என்றும் கொண்டால், ஐந்து ரசீதுக்கு 600 கிடைக்கும், சேர்க்கலாம். மூன்று ரசீதுக்கே வேலையிருந்தால் 360தான், சேர்க்கலாகாது. கடையின் இடமும் ஓர் எல்லை. மேடைக்குப் பின்னே ஐவர் மட்டுமே நிற்க முடியுமானால் ஆறாமவர் இடையூறே.

கணக்குக்கு அடங்காதது மழை. ஐப்பசி நடுவில் வரும் தீபாவளி வடகிழக்குப் பருவமழையின் நடுவே வருகிறது. மாலையில் மழை பிடித்தால் அன்றைய கூட்டம் மறுநாட் காலைக்குப் போய்விடும். ஆகவே 37 ஷிப்டுகளையும் முன்னரே நாள் குறித்துக் கட்டிவிடாமல், நான்கைந்தை “அழைத்தால் வருவர்” என்று வைத்துக்கொள்வது நலம். அப்பட்டியலில் பாவு முடிந்து அடுத்த பாவுக்குக் காத்திருப்போர் வீட்டுப் பெயர்களை முதலில் எழுதுக. ஓடிக்கொண்டிருக்கும் தறியை நிறுத்தி ஆள் எடுப்பது கடைசி வழியாக இருக்கட்டும்.

இந்தப் பண்டிகையிலேயே அடுத்த ஆண்டுக் கணக்கிற்கு விதையிட்டுவிடலாம். கடைசி மூன்று மாலைகளிலும் வாசலில் ஒரு பையனை அமர்த்தி, வாங்காமல் திரும்பும் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். எந்த ரகம் எந்த நாளில் எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்பதையும் ஒரு வரி எழுதி வையுங்கள். பாதியைக் கூட்டுவதா, முழுவதையும் கூட்டுவதா என்று நாம் மேலே தயங்கிய இடத்தில், அடுத்த ஆண்டு அந்தப் பையனின் கோடுகள் விடை சொல்லும்.